கடைத் தொடரின் குத்தகைப் பொறுப்பைத் தணிக்கை செய்தல்: ஓர் எளிய விளக்கம்

வாடகைக் கட்டடத்தில் கடை நடத்தும் நிறுவனம், மாதந்தோறும் கொடுத்த வாடகையைச் செலவாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தாலும், இனி கொடுக்க வேண்டிய வாடகை எதுவும் இருப்புநிலைக் குறிப்பில் கடனாகத் தெரியாது. 2019 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு இந்தியாவில் நடைமுறைக்கு வந்த இண்ட் ஏஎஸ் 116 என்னும் கணக்கியல் தரநிலை இதை மாற்றியது. உலக அளவில் அதே ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 16 என்னும் பன்னாட்டுத் தரநிலையை ஒட்டி எழுதப்பட்ட இத்தரநிலை, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களையும், 250 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் நிகர மதிப்புள்ள நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது.

இதன் அடிப்படை எளிமையானது. இனி கொடுக்க வேண்டிய வாடகைகளின் இன்றைய மதிப்பைக் கணக்கிட்டு, அதைக் குத்தகைப் பொறுப்பு என்று கடன் பக்கத்தில் காட்ட வேண்டும். அந்த வாடகைக்கு ஈடாகக் கிடைத்திருப்பது கடையை இத்தனை ஆண்டுகள் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை. அதைப் பயன்பாட்டு உரிமைச் சொத்து என்று சொத்துப் பக்கத்தில் காட்ட வேண்டும். சொத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதப்படும். பொறுப்பின் மீது வட்டி ஏறும், வாடகை கொடுக்கக் கொடுக்க அது குறையும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாத குத்தகைகளுக்கும், கணினி போன்ற சிறு மதிப்புப் பொருட்களின் குத்தகைகளுக்கும் மட்டும் பழைய முறையைத் தொடரலாம்.

கடைத் தொடர் நிறுவனங்களில் பெரும்பாலான கடைகள் வாடகை இடங்களில்தான் இயங்குகின்றன. ஆகவே வங்கிக் கடனைவிடக் குத்தகைப் பொறுப்பு பெரிதாக இருப்பது அங்கே அரிதன்று. அதைத் தணிக்கை செய்பவர் எதைப் பார்க்கிறார், எங்கே நேரம் செலவிட வேண்டும் என்பதை ஒரு கடையை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

ஒரு கடையின் கணக்கு

தமிழ்நாடெங்கும் கிளைகள் வைத்திருக்கும் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அது கோயம்புத்தூரில் ஒரு கடையை ஒன்பது ஆண்டுகளுக்கு வாடகைக்கு எடுக்கிறது. மாத வாடகை 3 லட்சம் ரூபாய்; மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 15 விழுக்காடு உயரும். முதல் மூன்று ஆண்டுகள் 'லாக்-இன்', அதாவது அதற்குள் நிறுவனம் வெளியேற முடியாது. அதன் பிறகு மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். கட்டட உரிமையாளருக்கு அந்த உரிமை இல்லை. வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை ஒன்பது ஆண்டுகளுக்கும் அவர் கட்டுப்பட்டவர். அட்வான்ஸ் 18 லட்சம், அதற்கு வட்டி கிடையாது. தரகுக் கூலி 3 லட்சம். தரை, விளக்கு, அலமாரி, குளிர்சாதனம் என்று உள்வேலைகளுக்கு நிறுவனம் 1 கோடியே 20 லட்சம் செலவழித்திருக்கிறது.

எளிமைக்காக வாடகை ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் மொத்தமாகக் கொடுக்கப்படுவதாக வைத்துக்கொண்டால், முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டு வாடகை 36 லட்சம், அடுத்த மூன்றுக்கு 41.40 லட்சம், கடைசி மூன்றுக்கு 47.61 லட்சம். இவற்றை 9 விழுக்காடு வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 2 கோடியே 43.91 லட்சம் வருகிறது. இதுதான் தொடக்க நாளின் குத்தகைப் பொறுப்பு.

சொத்தின் மதிப்பு இதைவிடச் சற்று கூடுதலாக இருக்கும். தரகுக் கூலி 3 லட்சத்தை அதில் சேர்க்க வேண்டும். வட்டியில்லாமல் ஒன்பது ஆண்டுகள் கிடக்கப்போகும் 18 லட்சம் அட்வான்ஸின் இன்றைய மதிப்பு, அதே 9 விழுக்காட்டில், 8.29 லட்சம்தான், மீதி 9.71 லட்சம் உண்மையில் முன்கூட்டியே கொடுத்த வாடகை என்பதால் அதுவும் சொத்தில் சேரும். ஆக, பயன்பாட்டு உரிமைச் சொத்து 2 கோடியே 56.62 லட்சம். ஒன்பதால் வகுத்தால் ஆண்டுத் தேய்மானம் 28.51 லட்சம். முதல் ஆண்டு வட்டி 21.95 லட்சம். இரண்டும் சேர்ந்து 50.46 லட்சம் செலவாகிறது. கையிலிருந்து போன வாடகையோ 36 லட்சம். தொடக்க ஆண்டுகளில் செலவு கூடுதலாகவும் பிற்பகுதியில் குறைவாகவும் தெரிவது இந்த முறையின் இயல்பு. புதுக் கடைகளை வேகமாகத் திறக்கும் நிறுவனத்தின் இலாபம் இதனால் அமுங்கித் தெரிந்தால், அதை மட்டும் வைத்துத் தணிக்கையாளர் பிழை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மூன்று ஆண்டா, ஒன்பது ஆண்டா

மேலே ஒன்பது ஆண்டுகள் என்று எடுத்துக்கொண்டோம். நிறுவனம் அப்படி எடுத்துக்கொள்ளாமல், "மூன்று ஆண்டுக்குப் பிறகு நாங்கள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், ஆகவே எங்களைக் கட்டுப்படுத்துவது மூன்று ஆண்டுதான்" என்று வாதிட்டால் என்ன ஆகும்? அப்போது பொறுப்பு 91.13 லட்சமாகச் சுருங்கிவிடும். ஒரே ஒப்பந்தம், ஒரே கட்டடம். ஆனால் கடனில் ஒன்றரைக் கோடிக்கு மேல் வேறுபாடு. இத்தகைய கடைகள் ஐம்பது அறுபது இருந்தால் நிறுவனத்தின் கடன் நிலைமையே வேறாகத் தெரியும். கடன் விகிதத்தை இவ்வளவுக்குள் வைத்திருப்பதாக வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்கும் நிறுவனத்திற்குக் காலத்தைக் குறைத்துக் காட்ட ஆசை இருப்பது இயல்பே.

தரநிலை சொல்வது இது: விலக முடியாத காலத்தோடு, முன்கூட்டி விலகும் உரிமை குத்தகைதாரருக்கு மட்டும் இருந்தால், அந்த உரிமையை அவர் பயன்படுத்த மாட்டார் என்பது நியாயமான அளவு உறுதியாக இருக்கும் காலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த உறுதியை நிர்வாகத்தின் வாய்ச்சொல்லால் அளக்க முடியாது. விலகினால் நிறுவனத்திற்கு ஏற்படும் பொருளாதார இழப்பைக் கொண்டுதான் அளக்க வேண்டும். 1.20 கோடிக்கு உள்வேலை செய்த கடையை மூன்றாம் ஆண்டில் விட்டுப் போனால் அந்தப் பணத்தின் பெரும்பகுதி சுவரோடும் தரையோடும் போய்விடும். அந்த இழப்பே நிறுவனத்தைக் கட்டி வைக்கிறது.

இங்கே தணிக்கையாளர் தேடும் சான்றுகள் பெரும்பாலும் கணக்குத் துறையில் கிடைப்பதில்லை. கடையைத் திறக்க ஒப்புதல் கேட்டு இயக்குநர் குழுவுக்கு வைத்த குறிப்பை வாங்கிப் பார்க்க வேண்டும். முதலீடு ஐந்தரை ஆண்டில் திரும்பும் என்று அதில் எழுதியிருந்தால், மூன்று ஆண்டில் வெளியேறக்கூடும் என்ற வாதம் நிற்காது. அடுத்து, உள்வேலைகளுக்கு எத்தனை ஆண்டுத் தேய்மானம் எழுதப்படுகிறது என்று நிலையான சொத்துப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். குத்தகைக் காலம் மூன்று ஆண்டு, அதே கடையின் அலமாரிகளுக்கு ஆயுள் ஒன்பது ஆண்டு என்றால், இரண்டில் ஒன்று தவறு. இந்த முரண்பாட்டைப் பற்றி ஐஎஃப்ஆர்எஸ் விளக்கக் குழு 2019 நவம்பரில் வெளியிட்ட முடிவு தெளிவானது: குத்தகையிலிருந்து விலகுவதற்கான தண்டம் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அபராதம் மட்டுமல்ல, விலகுவதால் வரும் பரந்த பொருளாதார இழப்பையும் அதில் கணக்கில் கொள்ள வேண்டும். மூன்றாவதாக, பழைய கடைகளின் வரலாறு. லாக்-இன் முடிந்த கடைகளில் எத்தனை உடனே மூடப்பட்டன, எத்தனை முழுக் காலமும் நடந்தன என்ற பட்டியலைத் தயாரிக்கச் சொன்னால் போதும். பெரும்பாலும் விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

எதிர்த் திசையிலும் கவனம் வேண்டும். எல்லாக் கடைகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு முழு ஒப்பந்தக் காலத்தையும் எடுப்பது சரியன்று. உள்வேலை அதிகமில்லாத, தொடர்ந்து நட்டத்தில் ஓடும் சிறு கடையை லாக்-இன் முடிந்ததும் மூடிவிடுவது நிறுவனத்தின் வழக்கமாக இருந்தால், அங்கே குறுகிய காலமே சரியாக இருக்கலாம்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று பதிவுச் சட்டம் சொல்வதால், பதினொரு மாத ஒப்பந்தம் போட்டு மீண்டும் மீண்டும் புதுப்பித்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. 'பன்னிரண்டு மாதத்துக்குள் இருக்கிறது, ஆகவே குறுங்காலக் குத்தகை' என்று நிறுவனம் அதை விலக்கிவிடும். யாராவது ஒருவர் நிறுத்தும்வரை தானாகவே புதுப்பிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் விதி இருந்து, கடையில் கணிசமான உள்வேலையும் செய்யப்பட்டிருந்தால், காகிதத்தில் உள்ள பதினொரு மாதத்தோடு நின்றுவிட முடியாது. இரு தரப்பில் எவருக்கேனும் விலகுவதால் அற்பமென்று தள்ள முடியாத இழப்பு வரக்கூடிய காலம்வரை அந்த ஒப்பந்தம் செயல்படுத்தத்தக்கதாகவே கருதப்படும்.

வட்டி விகிதமும் தேதிகளும்

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் அதிக நேரம் செலவிடுவது வட்டி விகிதத்தில்தான். அது தேவைதான், ஆனால் அளவோடு போதும் என்பது என் கருத்து. மேலே சொன்ன கடைக்கு 9-க்குப் பதில் 11 விழுக்காடு எடுத்தால் பொறுப்பு 2 கோடியே 24.15 லட்சமாகிறது, வேறுபாடு சுமார் 20 லட்சம். காலத்தை மாற்றியபோது வந்த வேறுபாடு 153 லட்சம்.

குத்தகைக்குள் பொதிந்திருக்கும் வட்டியைக் கட்டட வாடகையில் கண்டறிய முடியாது என்பதால், அதே போன்ற காலத்துக்கு, அதே போன்ற பிணையோடு, இதே மதிப்புள்ள சொத்தை வாங்க நிறுவனம் கடன் கேட்டால் என்ன வட்டி ஆகும் என்பதை எடுத்துக்கொள்வார்கள். தணிக்கையாளர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மூன்றாண்டுக் குத்தகைக்கும் பதினைந்தாண்டுக் குத்தகைக்கும், முதல் ஆண்டு தொடங்கியதற்கும் இவ்வாண்டு தொடங்கியதற்கும் ஒரே விகிதம் போடப்பட்டிருக்கிறதா? போடப்பட்டிருந்தால் யாரோ ஒருமுறை நிரப்பிய கட்டத்தைப் பிறகு எவரும் திறந்து பார்க்கவில்லை என்று பொருள்.

கணக்கீட்டைத் தணிக்கையாளர் தாமே மறுபடி போட்டுப் பார்ப்பது கடினமன்று. விரிதாளில் ஒன்பது ஆண்டு வாடகைகளையும் வரிசையாக எழுதிவிட்டு இப்படிக் கொடுத்தால் போதும்:

```
=NPV(9%,B2:B10)
```

இந்தச் சூத்திரம் பணம் ஒவ்வொரு கால இறுதியிலும் போவதாகக் கருதுகிறது. உண்மை ஒப்பந்தங்களில் வாடகை மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் முன்கூட்டியே கொடுக்கப்படும். ஆகவே நிறுவனத்தின் விரிதாள் மாத இறுதியைக் கருதியிருக்கிறதா, தொடக்கத்தைக் கருதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொகை சிறிதாக இருக்கலாம், ஆனால் எல்லாக் கடைகளுக்கும் ஒரே விரிதாள் என்பதால் பிழையும் எல்லாக் கடைகளிலும் இருக்கும்.

அதைவிடப் பெரிய தேதிப் பிழை ஒன்று உண்டு. உள்வேலை செய்வதற்காகக் கட்டட உரிமையாளர் இரண்டு மூன்று மாதம் வாடகை வாங்காமல் விடுவது வழக்கம். கணக்குத் துறை, வாடகை ஓடத் தொடங்கிய நாளிலிருந்தோ கடை திறப்பு விழா நாளிலிருந்தோ குத்தகையைப் பதிவு செய்துவிடும். தரநிலைப்படி குத்தகை தொடங்குவது சாவி கைமாறிய நாளில்தான். பிப்ரவரியில் சாவி வாங்கி மே மாதம் திறந்த கடை, மார்ச் 31-ஆம் நாள் இருப்புநிலைக் குறிப்பில் இருந்தாக வேண்டும். இடத்தை ஒப்படைத்ததற்கு இரு தரப்பும் கையெழுத்திட்ட கடிதம் சொத்துத் துறையின் கோப்பில் இருக்கும். அந்தத் தேதியைத்தான் விரிதாளோடு ஒப்பிட வேண்டும்.

பட்டியலில் இல்லாத கடைகள்

கடன் பக்கத்தைத் தணிக்கை செய்யும்போது பட்டியலில் இருப்பதைச் சரிபார்ப்பது பாதி வேலை. விடுபட்டுப்போனது பட்டியலிலிருந்து ஒருபோதும் வெளிப்படாது என்பதால், வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும்.

அதற்கு நல்ல ஆதாரங்களைக் கணக்குத் துறைக்கு வெளியே எளிதில் பெறலாம். ஒவ்வொரு கடைக்கும் விற்பனை இயந்திரத்தில் ஒரு குறியீட்டு எண் இருக்கும். ஆண்டில் ஒரு நாளாவது பில் போட்ட எல்லா எண்களையும் எடுத்து, குத்தகைப் பட்டியலோடு பொருத்த வேண்டும். பொருந்தாத எண் ஒன்று இருந்தால், அது நிறுவனத்தின் சொந்தக் கட்டடமா, பிறர் நடத்தும் உரிமக் கடையா, விடுபட்ட குத்தகையா என்று ஒவ்வொன்றாக விடை காண வேண்டும். கிடங்குகளும் பணியாளர் விடுதிகளும் பில் போடுவதில்லை. அவற்றை ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழில் உள்ள கூடுதல் வணிக இடங்களின் பட்டியலும், மின் கட்டண இணைப்புகளும் காட்டிக்கொடுக்கும். இவற்றோடு, வாடகையில் பிடித்தம் செய்த டிடிஎஸ் விவரத்தில் உள்ள ஒவ்வொரு கட்டட உரிமையாளரையும் பட்டியலில் தேட வேண்டும்.

இலாப நட்டக் கணக்கில் இன்னும் 'வாடகை' என்ற தலைப்பில் தொகை இருந்தால், அதையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. அங்கே நியாயமாக இருக்கக்கூடியவை குறுங்காலக் குத்தகைகளும், விற்பனையைப் பொறுத்து மாறும் வாடகையும்தான். வணிக வளாகங்களில் 'மாதம் 4 லட்சம் அல்லது விற்பனையில் 8 விழுக்காடு, இதில் எது அதிகமோ அது' என்பது போன்ற ஒப்பந்தம் சாதாரணம். இதில் 4 லட்சம் எப்படியும் கொடுத்தாக வேண்டியது. அது பொறுப்பில் சேர வேண்டும். அதற்கு மேற்பட்ட பகுதி மட்டுமே நேரடியாகச் செலவாகும். 'விற்பனைப் பங்கு வாடகை' என்ற பெயரைப் பார்த்துவிட்டு முழுத் தொகையையும் செலவில் எழுதிவிட்ட கணக்குகள் குறைவில்லை. பராமரிப்புக் கட்டணம் இடத்தின் வாடகை அன்று. அதைப் பிரித்து வைக்கலாம், அல்லது ஒரே வகைச் சொத்துகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே கணக்கிடுவதாக முடிவெடுக்கலாம். கடைக்கொரு விதமாகச் செய்ய முடியாது.

கடை மூடும்போது

முதல் ஆண்டுக் கணக்கு சரியாக இருந்தாலும் அதற்குப் பிறகு நடப்பவை விடுபடுவது அதிகம். நம் கோயம்புத்தூர்க் கடை எதிர்பார்த்தபடி ஓடவில்லை. மூன்றாம் ஆண்டின் கடைசி நாளான மார்ச் 31 அன்று நிறுவனம் மூன்று மாத அறிவிப்பைக் கொடுத்துவிட்டது, ஜூன் இறுதியில் கடையை ஒப்படைக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். கடை இன்னும் திறந்திருக்கிறது, வாடகையும் போய்க்கொண்டிருக்கிறது என்பதால் கணக்குத் துறை எதையும் தொடாமல் விட்டிருக்கும். ஆனால் காலம் மாறியது அறிவிப்புக் கொடுத்த நாளிலேயே.

அன்றைய பொறுப்பு 1 கோடியே 97.86 லட்சம். இனிக் கொடுக்க வேண்டியது உயர்ந்த வாடகையில் மூன்று மாதம், அதாவது 10.35 லட்சம், இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 10.2 லட்சம். பொறுப்பு ஏறத்தாழ 187.6 லட்சம் குறைகிறது. அதே அளவு சொத்தையும் குறைக்க வேண்டும், ஆனால் மூன்று ஆண்டுத் தேய்மானத்துக்குப் பிறகு சொத்தில் மிச்சம் இருப்பது 171.08 லட்சம்தான். சொத்து பூச்சியத்தை அடைந்த பிறகு மீதியுள்ள சுமார் 16.5 லட்சம் இலாபமாக எழுதப்படும். நட்டத்தில் மூடும் கடை இலாபம் காட்டுவது விந்தையாகத் தோன்றலாம். தொடக்க ஆண்டுகளில் சொத்து பொறுப்பைவிட வேகமாகக் கரைந்ததன் விளைவு அது.

இங்கேதான் தணிக்கையாளர் மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும். உள்வேலைகளில் இன்னும் எழுதப்படாமல் இருப்பது 80 லட்சம். அதில் வேறு கடைக்குக் கொண்டுபோக முடிந்தவை போக, மீதியை இந்த ஆண்டிலேயே மதிப்பிழப்பாகவோ, எஞ்சிய மூன்று மாதத்தில் தேய்மானமாகவோ தீர்க்க வேண்டும். இலாபத்தை மட்டும் பதிவு செய்துவிட்டு 80 லட்சத்தை ஆறு ஆண்டுகளுக்குத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தால், அந்த ஆண்டுக் கணக்கு ஒரு பக்கம் மட்டும் உண்மை சொல்கிறது. அட்வான்ஸ் 18 லட்சமும் உரிமையாளரிடமிருந்து முழுதாகத் திரும்புமா, கட்டடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவை அவர் பிடித்துக்கொள்வாரா என்பதும் அதே கோப்பில் தீர வேண்டியவை.

இத்தகைய அறிவிப்புகளைக் கண்டுபிடிக்க, சொத்துத் துறையும் சட்டத் துறையும் கட்டட உரிமையாளர்களுக்கு அனுப்பிய கடிதங்களையும் மின்னஞ்சல்களையும் ஆண்டு முடிந்து தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் நாள்வரை கேட்டு வாங்க வேண்டும். தொகை பெரிதாக உள்ள சில கடைகளுக்கு உரிமையாளரிடமே நேரடியாக உறுதிக் கடிதம் கேட்பது நல்லது: ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளதா, தற்போதைய வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு கையில் உள்ளது, திருத்த ஒப்பந்தம் ஏதும் உண்டா, இரு தரப்பிலும் வெளியேறும் அறிவிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்னும் கேள்விகள் அதில் இருக்க வேண்டும். வாடகையைக் குறைத்துக் கொடுத்த பக்கக் கடிதங்கள் பலவும் இப்படித்தான் முதன்முறையாகத் தணிக்கையாளர் கண்ணில் படுகின்றன.

மூடப்படாமல், ஆனால் நட்டத்தில் ஓடும் கடைகளை மதிப்பிழப்புக்குச் சோதிக்க வேண்டும், அதாவது கடை இனி ஈட்டப்போகும் வரவு அதன் சொத்தின் கணக்கு மதிப்பை எட்டுமா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒவ்வொரு கடையும் தனித்தனிப் பண உருவாக்க அலகாக, அதாவது மற்றவற்றைச் சாராமல் தானே பணம் ஈட்டும் அலகாகக் கருதப்படுவதால், இலாபக் கடையின் உபரியைக் காட்டி நட்டக் கடையின் சொத்தைக் காப்பாற்ற முடியாது. அந்தச் சோதனையில் கடையின் எதிர்கால வரவிலிருந்து வாடகையைக் கழித்தபின், மறுபக்கத்தில் குத்தகைப் பொறுப்பைக் கழிக்காத முழுச் சொத்தோடு ஒப்பிட்டால் ஒரே வாடகை இரண்டு முறை எண்ணப்பட்டு, இல்லாத மதிப்பிழப்பு தோன்றும். வாடகையை வரவிலிருந்து கழிக்காமல், குத்தகைப் பொறுப்பையும் சொத்திலிருந்து கழிக்காமல் இரு பக்கத்தையும் ஒரே அடிப்படையில் வைத்திருக்கிறார்களா என்பதை, எந்த எண்ணையும் சரிபார்ப்பதற்கு முன்பே, நிறுவனத்தின் விரிதாளில் பார்த்துவிட வேண்டும்.